நோன்பு திறக்கும் முதல் டம்ளர்

ரமலானில் சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை சென்னையில் ஏறக்குறைய 13 மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே போகாது. ஆனால் வெளியே போவது நிற்பதில்லை. மூச்சிலும் தோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் நீர் போகிறது, சிறுநீராகப் போகிறது, வெயிலில் நின்றால் வியர்வையோடு உப்பையும் சேர்த்துக்கொண்டு போகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சஹர் முடித்ததும் ஒருமுறை, நோன்பு திறக்கும் முன் ஒருமுறை எடை பார்த்தால் ஒன்றரை கிலோ குறைந்திருக்கலாம். அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர்தான்.

பாங்கு சொன்னதும் அவர் கையில் எடுப்பது என்ன என்பதில்தான் அடுத்த மூன்று மணி நேரம் அடங்கியிருக்கிறது.

முதலில் அரை லிட்டர் கோலாவை அவர் மடமடவென்று குடித்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். தொண்டை குளிர்ந்துவிடும், தாகம் தீர்ந்ததுபோலவும் இருக்கும். இந்த உணர்வை நம்பக் கூடாது. தண்ணீர் ரத்தத்தில் சேர்வதற்கு வெகுமுன்பே, வாயும் தொண்டையும் நனைந்த மாத்திரத்தில் மூளை தாகத்தைத் தணித்துவிடும். குடித்தது உடம்பில் சேரும் இடம் சிறுகுடல். அதற்கு முன் இரைப்பையின் கீழ்வாயைத் தாண்ட வேண்டும்.

அந்த வாய் கணக்குப் பார்த்துத்தான் திறக்கும். வெறும் தண்ணீர் என்றால் தடையே இல்லை. கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதி இறங்கிவிடும். சர்க்கரை வந்தால், சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள உணர்விகள் அதை மோப்பம் பிடித்து இரைப்பையை மெதுவாக்கிவிடும். நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 3 கலோரி என்ற வேகத்தில்தான் அது விடும். அரை லிட்டர் கோலாவில் 50 கிராமுக்கும் மேல் சர்க்கரை, 200 கலோரிக்கும் மேல். அது முழுவதும் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இறங்கிய பகுதியும் உடனே உதவாது. கோலாவின் கரைசல் அடர்த்தி ரத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் நகரும் என்பதால், ஏற்கெனவே வறண்டிருக்கும் உடம்பு முதலில் தன் நீரைக் குடலுக்குள் விட்டு அதை நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கிறது. பிறகுதான் சர்க்கரையோடு சேர்ந்து நீர் திரும்பி வரும். கடைசியில் கோலாவிலிருந்தும் தண்ணீர் கிடைக்கத்தான் செய்கிறது. அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

இதோடு வாயு வேறு. அந்த அரை லிட்டரில் ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு கரைந்திருக்கிறது. டம்ளரில் ஊற்றும்போது ஒரு பகுதி போய்விடும். மிச்சம் உடல் சூட்டில் இரைப்பைக்குள்ளேயே பொங்கும். பகலெல்லாம் சுருங்கிக் கிடந்த இரைப்பை திடீரென்று உப்பும்போது அதன் மேல்வாய் தளர்ந்து ஏப்பமாக விடுகிறது. அந்த வழியாக அமிலமும் மேலேறும். அடுத்த சில நிமிடங்களில் மஃரிப் தொழுகை. ருகூவில் குனிந்து, சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தொண்டைவரை புளித்து எரிவது இதனால்தான். வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றுவதால், உண்மையில் தேவைப்படும் தண்ணீரையும் கஞ்சியையும் அவர் பாதியிலேயே ஒதுக்கிவிடுவார். எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

சர்க்கரையின் வேலை அதோடு முடியவில்லை. வேகமாக ஏறும் ரத்தச் சர்க்கரையைப் பிடிக்க இன்சுலின் பெருகும். சிலருக்கு அது தேவைக்கு மேல் சுரந்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். தராவீஹ் தொழுகையில் நிற்கும் நேரமும் அதுதான். கை நடுக்கம், சில்லென்ற வியர்வை, மறுபடி இனிப்பைத் தேடும் பசி ஆகியவை வந்தால் அன்று எதைக் கொண்டு நோன்பு திறந்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். ரோஸ்மில்க்கும் கெட்டியான சர்பத்தும் வாயு இல்லாதவை என்பதைத் தவிர இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை.

அப்படியானால் தண்ணீரையே ஒரு லிட்டர் ஒரே மூச்சில் குடித்துவிடலாமே? அதுவும் சரிப்படாது. வெறும் நீர் ஒரேயடியாக ரத்தத்தில் சேர்ந்தால் அதன் உப்புச் செறிவு குறையும். மூளை இதைக் கண்டு சிறுநீரகத்துக்குச் சொல்ல, உடம்பின் நீர்க்கடன் தீராமல் இருக்கும்போதே அது மிச்சத்தை வெளியேற்றத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்த சிறுநீர் நிறையப் போய், சிறிது நேரத்தில் நாக்கு மறுபடி வறண்டால் நடந்தது இதுதான். நீரை உடம்பில் தங்கவைப்பது உப்பு.

குடலின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே இழுக்கும், அவற்றின் பின்னாலேயே நீரும் போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் உயிர் காக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது, சோடியமோ பெயருக்குத்தான். டாக்காவின் காலரா ஆய்வு மையத்தில் குளுக்கோஸுக்குப் பதிலாக அரிசியை வைத்தும் இந்தக் கரைசலைச் செய்து பார்த்தார்கள், காலராவுக்கு நன்றாகவே வேலை செய்தது. மாவுச்சத்தின் மூலக்கூறு பெரியது என்பதால் கரைசல் அடர்த்தி ஏறாது. குடலில் அது சிறிது சிறிதாக உடைந்து குளுக்கோஸ் ஆகும்.

நம் பள்ளிவாசல்களில் அஸருக்குப் பிறகு வாளியிலும் தூக்குச்சட்டியிலும் வாங்கிப் போகும் நோன்புக் கஞ்சியை இப்போது பாருங்கள். நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்து, இஞ்சி பூண்டு வதக்கல், புதினா, மல்லி, தேங்காய்ப்பால், சில ஊர்களில் கொஞ்சம் கொத்துக்கறி. பெரும்பகுதி தண்ணீர், கூடவே உப்பும் மாவுச்சத்தும். மருந்துக் கரைசலுக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன், தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதை மெதுவாகவே இறங்கவிடும். ஆனால் இழந்த உப்பைத் திருப்பித் தந்து நீரை இரவெல்லாம் தங்கவைக்க அது நன்றாக உதவும்.

ஆகவே நம் ஜவுளிக்கடைக்காரர் இப்படித் திறக்கட்டும். இரண்டு மூன்று பேரீச்சம்பழம், சிறியதாக இருந்தால் ஒன்றுக்கு 5 கிராம் அளவில் சர்க்கரை. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்து, மூச்சு விட்டு விட்டு. ரொம்பக் குளிர்ந்தது வேண்டாம். பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி. தொழுதுவிட்டு வந்து இன்னொரு டம்ளர். வடையும் சமோசாவும் அதற்குப் பிறகு வரட்டும், எண்ணெய் முதலில் போனால் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிடும். மீதித் தண்ணீரைத் தராவீஹுக்கு முன்னும் பின்னும் டம்ளர் டம்ளராகப் பிரித்துக்கொள்ளலாம். படுக்கப் போகும்போது சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் கடன் அடைந்துவிட்டது. கரும் மஞ்சளாக இருந்தால் சஹர் வரை இன்னும் குடிக்க வேண்டும்.

இனிப்பு இல்லாமல் முடியாது என்பவர்கள் எலுமிச்சைச் சாற்றோடு 200 மில்லி தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை, இரு விரலால் கிள்ளிய உப்பு போட்டுக்கொள்ளலாம். நன்னாரி சர்பத்திலும் பாகைப் பாதியாகக் குறைத்து உப்புச் சேர்த்தால் ஏறக்குறைய அதே அளவுக்கு வரும். மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட ரத்த அழுத்தக்காரர்களும் இதயநோயாளிகளும் கஞ்சியின் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் சர்க்கரைத் தண்ணீர்தான் சரி. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால், பாங்குக்குக் காத்திருக்காமல் நோன்பை விட்டுவிட்டு 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.