இருபத்தேழு ரூபாய் வித்தியாசம்

"ஏனுங்ணா, போன மாசம் அனுப்புன 40 மூட்டைக்குக் கிலோ 258ன்னுதானுங்க பேசுனோம். பில்லுல 285ன்னு இருக்குதுங்களே?"

நான் கணக்கு எழுதும் நூல் கடைக்குக் கரூரிலிருந்து ஆகஸ்ட் 22ஆம் தேதி இப்படி ஒரு போன் வந்தது. நான் முதலில் செய்தது, 285லிருந்து 258ஐக் கழித்துப் பார்த்ததுதான். 27 வந்தது, ஒன்பதால் சரியாக வகுபடுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். பிழை தேடும் கணக்கர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். விலை பேசிய வாட்ஸ்அப்பைத் திறந்தோம், 258 என்றே இருந்தது. தப்பு எங்களுடையது.

"அந்த பில்லையே திறந்து ரேட்டை மாத்திட்டா என்ன?" என்றார் முதலாளி. பில் எங்களோடு நின்றிருந்தால் மாற்றியிருக்கலாம். அது ஜூலை மாத பில். இ-இன்வாய்ஸ் எண் வாங்கிய பில்லை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அங்கே ரத்து செய்ய முடியும். ஜூலை விற்பனைக் கணக்கையும் ஆகஸ்ட் 11க்குள் தாக்கல் செய்தாயிற்று. கரூர்க்காரர் அதே பில்லைக் கொள்முதலில் ஏற்றி, அதிலிருந்த வரியை இன்புட்டாக எடுத்தும்விட்டார். இங்கே நாங்கள் மட்டும் திருத்தினால், ஒரே எண் கொண்ட பில்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு தொகை ஆகிவிடும். ஆகவே பழைய பில் தப்போடு அப்படியே இருக்கட்டும். கூடுதலாகப் போட்டதை இன்னொரு தாளில் திருப்பிக் கொடுப்போம் என்றேன். அந்தத் தாள்தான் கிரெடிட் நோட். வாங்கியவர் கணக்கில் நாம் வரவு வைக்கிறோம் என்பதால் அந்தப் பெயர்.

மூட்டைக்கு 50 கிலோ, ஆக 2,000 கிலோ. 27 ரூபாய் வீதம் அதிகம் போட்டது 54,000. பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம், அது 2,700. மொத்தம் 56,700 ரூபாய். வரியைச் சேர்க்காமல் 54,000 மட்டும் கொடுத்தால் அவர் கணக்கு நேராகாது. நோட்டுக்குத் தனி வரிசை எண், அன்றைய தேதி, எந்தத் தேதியிட்ட எந்த பில்லுக்கு என்ற விவரம் எல்லாம் வேண்டும். இ-இன்வாய்ஸ் போடும் கடை என்பதால் நோட்டுக்கும் அந்த எண் வாங்கியாக வேண்டும்.

கடைப் பையன் டேலியில் Alt+F6 அழுத்தி, வழக்கம்போல் நூல் பெயரைத் தேர்ந்தெடுத்து, 2,000 கிலோ, 27 ரூபாய் என்று அடித்தான். தொகை சரியாக 56,700 வந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்டாக்கைப் பார்க்கச் சொன்னேன். கரூரில் தறியில் ஏறிவிட்ட 40 மூட்டையும் எங்கள் குடோனுக்குத் திரும்பி வந்திருந்தது! கிரெடிட் நோட்டில் அளவைப் போட்டால், சரக்கு திரும்பி வந்ததாகத்தான் டேலி எடுத்துக்கொள்ளும். இங்கே வந்தது சரக்கல்ல, விலை. Ctrl+H கொடுத்து Accounting Invoice முறைக்கு மாறி, 'ரேட் டிஃபரன்ஸ்' என்ற லெட்ஜரில் 54,000 என்று மட்டும் போட்டு, வரியைச் சேர்க்கச் சொன்னேன். ஸ்டாக் அசையவில்லை. இந்தத் தப்பு பெரும்பாலும் மார்ச் மாதம் மூட்டை எண்ணும்போதுதான் வெளியே வரும். அதற்குள் எந்த நோட்டால் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆகஸ்ட் நோட் ஆகஸ்ட் மாதக் கணக்கில் போகும். ஜூலையைத் தொட வேண்டியதில்லை. எங்கள் வரி 2,700 குறையும்போது, கரூர்க்காரர் எடுத்த இன்புட்டிலும் அதே 2,700ஐ அவர் திருப்ப வேண்டும். அவர் திருப்பாவிட்டால் எங்களுக்கும் குறையாது என்று 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்தக் கண்ணியை இறுக்கியிருக்கிறது. அதனால் நோட்டை அனுப்பியதோடு விடாமல், போர்ட்டலில் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவருக்குப் போன் போட்டேன்.

"நானே ஒரு டெபிட் நோட் அனுப்பிக் கழிச்சுக்கறனுங்களே," என்றார். பாக்கியைக் கேட்பதற்கு அது போதும். வரி குறைய வேண்டுமானால் விற்றவர் போடும் கிரெடிட் நோட்தான் செல்லும். அதற்கும் கெடு உண்டு. பில் எந்த நிதியாண்டோ, அது முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான். அதைத் தாண்டிவிட்டால் வரி இல்லாமல் வெறும் 54,000க்கு நோட் போடலாம். 2,700 அரசாங்கத்திடமே நின்றுவிடும்.

பழைய பில்லுக்கு அவர் முழுப் பணமும் கட்டியிருந்ததால் லெட்ஜரில் 56,700 அவர் பக்கம் நின்றது. "பணமா வேண்டாமுங்க, அடுத்த லோடுல கழிச்சுக்கோங்க," என்றார். அடுத்த லோடுக்கு பில் அடிக்கும்போது பையன் ரேட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான்.