கல்லாப்பெட்டி அருகே ஒரு சீட்டு

"அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க." பாத்திரக்கடையில் 2,000 ரூபாய் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா கேட்கிறார். முதலாளியோ வெளியூரில்.

வரி நீங்கலாக அதன் கொள்முதல் விலை 1,700. பத்து சதவீதம் குறைத்தால், 300 ரூபாய் லாபத்தில் 200 போய்விடும். ஊழியருக்குக் கொள்முதல் விலை தெரியாததால் பத்து சதவீதம் சின்னதாகத் தோன்றுகிறது.

அதனால் சீட்டில் ரூபாயாகவே எழுதிவிடுவது நல்லது: "குக்கருக்கு 100 ரூபாய் வரை நீங்களே குறைக்கலாம். நெளிந்திருந்தால் 200. அதற்கு மேல் என்றால் எனக்கு போன் போடுங்கள்."

குறைத்த தொகையை பில்லிலேயே காட்ட வேண்டும். அப்போதுதான் ஜி.எஸ்.டி. குறைந்த விலைக்கு மட்டும் கணக்காகும். இரவு கல்லாப் பணமும் ஒத்துப்போகும். ஒருவருடைய பில்கள் எல்லாமே சரியாக 100 ரூபாய் தள்ளுபடியில் நின்றால், வாடிக்கையாளர் கேட்கும் முன்பே அவர் குறைக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.