தலைக்கவசச் சோதனையும் ஒரு வளைகோடும்

மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் எவ்வளவு தாங்கும் என்று அறிய, செயற்கையாக நிகழ்த்திய மோதல்களில் தலையின் முடுக்கத்தை அளந்தார்கள். மோதலுக்குப் பின் 2.4 முதல் 57.6 மில்லிவினாடி வரை மொத்தம் 133 அளவீடுகள். 1985-இல் பெர்னார்ட் சில்வர்மன் தன் கட்டுரையில் எடுத்தாண்ட பிறகு, புள்ளியியல் வகுப்புகளில் இந்தத் தரவு நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

வரைபடத்தில் முதல் 14 மில்லிவினாடி வரை புள்ளிகள் பூஜ்ஜியத்தை ஒட்டியே கிடக்கின்றன. பிறகு திடீரெனச் சரிந்து, 20-ஐ ஒட்டி ஆழமான பள்ளம். மிகத் தாழ்ந்த அளவீடு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 134 மடங்கு, எதிர்த்திசையில். அடுத்து மேலெழும்பி, மெல்ல அடங்குகிறது. எந்த நேர்கோடும் இதற்குப் பொருந்தாது. வளைவின் சூத்திரமும் முன்கூட்டித் தெரியாது.

1964-இல் நதராயாவும் வாட்சனும் தனித்தனியே சொன்ன வழி எளியது. 20-ஆம் மில்லிவினாடியில் முடுக்கம் என்ன என்று கேட்டால், அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். நெருங்கியவற்றுக்கு அதிக எடை, தள்ளியவற்றுக்குக் குறைவு. அந்த எடையைத் தீர்மானிக்கும் சார்புதான் கெர்னல். ஒவ்வொரு நேரத்துக்கும் இப்படியே செய்தால் வளைகோடு கிடைத்துவிடும்.

அக்கம்பக்கம் எதுவரை? சிக்கல் இங்கேதான். இருபுறமும் 10 மில்லிவினாடி எடுத்தால், 10 முதல் 30 வரையுள்ள எல்லாமே கணக்கில் வரும். சரிவுக்கு முந்தைய பூஜ்ஜியங்களும், ஏறிவரும் பகுதியும் சராசரியில் கலந்து பள்ளத்தைத் தூர்த்துவிடும். தலை வாங்கிய அடி குறைவாகத் தெரியும். இதுதான் ஒருசார்புப் பிழை. எத்தனை முறை சோதனை செய்தாலும் அதே பக்கம்தான் தவறும்.

அரை மில்லிவினாடியாகச் சுருக்கினாலோ, கைக்கு வருவது ஓரிரு புள்ளிகளே. அவற்றின் தற்செயல் ஏற்ற இறக்கம் அப்படியே கோட்டில் ஏறி, அது துள்ளும். மறுபடி சோதித்தால் வேறு கோடு வரும். இது மாறுபாடு. சிறிய அகலங்களில், அகலத்தை இரட்டித்தால் மாறுபாடு ஏறத்தாழப் பாதியாகும். ஒருசார்போ நான்கு மடங்காகும். வளைவு கூர்மையான இடத்தில் அந்த ஒருசார்பு இன்னும் பெரிது.

இரு ஓரங்களிலும் இன்னொரு தொல்லை: ஒரு பக்கம் மட்டுமே புள்ளிகள் இருப்பதால் சராசரி அந்தப் பக்கம் இழுபடும். சராசரிக்குப் பதில் எடையிட்ட சிறு நேர்கோட்டைப் பொருத்தினால் இது பெரிதும் தீரும். வில்லியம் கிளீவ்லண்ட் 1979-இல் முன்வைத்த முறையும் இத்தகைய இடஞ்சார் பொருத்தமே.

அகலத்தைத் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு புள்ளியாக விலக்கிவிட்டு மற்றவற்றால் அதைக் கணித்து, மொத்தப் பிழை மிகக் குறையும் அகலத்தை எடுப்பது வழக்கம். ஆனாலும் இந்தத் தரவில் ஒரே அகலம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது: தட்டையான தொடக்கம் அகலமான சாளரத்தைத் தாங்கும், பள்ளம் தாங்காது. அதனால் கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசங்களை நேரவாரியாக வரைந்து பார்ப்பது அவசியம். 20-ஐ ஒட்டி அவை பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே குவிந்திருந்தால், சாளரம் அங்கே அளவுக்கு மீறி அகலம்.