ஒரு பிஷப்பைக் கொடுத்து வாங்கிய நேரம்

சதுரங்கப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஒரு பரிசு மட்டும் புள்ளிக் கணக்கைப் பார்ப்பதில்லை. போட்டியில் எந்த இடத்தில் முடித்திருந்தாலும் சரி, ஆகச் சிறந்த கற்பனை யாருடைய ஆட்டத்தில் வெளிப்பட்டதோ அவருக்கு அது போகும். இந்த வழக்கம் 1876இல் நியூயார்க்கில் நடந்த போட்டியிலேயே இருந்தது. ஜேம்ஸ் மேசனை வென்ற ஆட்டத்துக்காக ஹென்றி பேர்ட் அப்போது அதைப் பெற்றார்.

இந்தப் பரிசை அறிவிக்க மைக்கைப் பிடிக்கும் கிளப் அமைப்பாளரின் வேலை கடினமானது. முன்வரிசையில் இருக்கும் பெற்றோரில் பலருக்குக் காய்களின் பெயர் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவர்களிடம் “அபாரமான தியாகம்” என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் தட்டுவார்கள். ஆனால் எதற்குத் தட்டினோம் என்று தெரியாமல் வீடு திரும்புவார்கள். ஒரு நகர்த்தலைப் பாராட்ட வேண்டுமானால், ஆடியவருக்கு அந்த நொடியில் என்ன நெருக்கடி இருந்தது, வேறு எதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டால் பாராட்டு தானாக வந்துவிடும்.

அப்படி ஒரு உரைக்கு நான் தேர்ந்தெடுப்பது 1998ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்ள லினாரெஸ் ஊரில் நடந்த போட்டி. அதில் முதலிடம் நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு. இரண்டாம் இடம் பெற்ற அலெக்ஸி ஷிரோவ், பல்கேரியாவின் வெசலின் தோபலோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய 47ஆவது நகர்த்தலைத்தான் மேடைப் பலகையில் வைத்துக் காட்ட வேண்டும். காய்கள் கொஞ்சம்தான் என்பதால் புதியவர்களும் எளிதாகப் பின்தொடரலாம்.

வெள்ளைக்கு ராஜா ஜி1இல். கறுப்புக் கட்டங்களில் போகும் பிஷப் சி3இல். சிப்பாய்கள் ஜி2, எச்4 ஆகிய இடங்களில். கறுப்புக்கு ராஜா இ6இல். வெள்ளைக் கட்டங்களில் போகும் பிஷப் எஃப்5இல். சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6 ஆகிய நான்கு இடங்களில்.

நான்குக்கு இரண்டு என்று சிப்பாய்கள் இருக்கும்போது கறுப்பு எளிதாக வெல்ல வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு பிஷப்புகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடுகின்றன. ஒன்று போகும் வழியில் மற்றது போகவே முடியாது. வெள்ளை பிஷப் காவல் காக்கும் கட்டத்திலிருந்து அதைக் கறுப்பு பிஷப்பால் விரட்ட முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட நிலைகள், இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும், அடிக்கடி சமனில் முடிகின்றன.

கறுப்பின் டி சிப்பாய் முன்னேற வேண்டுமானால் டி4 வழியாகப் போக வேண்டும். அது கறுப்பு நிறக் கட்டம். வெள்ளை பிஷப் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை ராஜாவும் எஃப்2, இ3 என்று இரண்டே அடியில் வந்து நின்றுவிட்டால் அந்தப் பாதை பூட்டப்பட்டுவிடும். அதைத் தடுக்கக் கறுப்பு ராஜா அதற்கு முன்பே இ4இல் போய் நிற்க வேண்டும். இ6இலிருந்து எஃப்5 வழியாக இ4. அதுவும் இரண்டே அடி. ஆனால் எஃப்5இல் அவருடைய சொந்த பிஷப்பே நிற்கிறது!

பிஷப்பை எங்காவது ஒதுக்கி வைக்கலாம். ஆனால் ஒதுக்குவதற்கே ஒரு நகர்த்தல் செலவாகும். அந்த இடைவெளியில் வெள்ளை ராஜா எஃப்2 வந்துவிடும். கறுப்பு ராஜா எஃப்5 வரும்போது வெள்ளை ராஜா இ3இல் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு நகர்த்தல் தாமதத்தில் கதை முடிந்தது. பிஷப் நகர வேண்டும், ஆனால் நகர்வதற்கு நேரம் செலவாகக் கூடாது. ஆகவே போய் நிற்கும் இடத்திலிருந்து அது வெள்ளையை எதையாவது செய்யச் சொல்லி நிர்பந்திக்க வேண்டும். வெள்ளையிடம் இருக்கும் ஒரே இலக்கு ஜி2 சிப்பாய். இ4இலிருந்தும் அதைத் தாக்கலாம். ஆனால் ராஜாவுக்குத் தேவையான கட்டத்தையே பிஷப் அடைத்துவிடும்.

ஷிரோவ் பிஷப்பை எச்3இல் வைத்தார். ஜி2 சிப்பாய் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளும் இடம் அது. பிஷப்பின் ஆதரவுக்கு அங்கே எந்தக் காயும் இல்லை.

தோபலோவ் வெட்டினார். அதற்கு ஒரு நகர்த்தல் போயிற்று. அந்த ஒரு நகர்த்தலைத்தான் ஷிரோவ் பிஷப் கொடுத்து வாங்கினார். கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்2. கறுப்பு ராஜா இ4! இப்போது வெள்ளை ராஜாவால் இ3இல் கால்வைக்க முடியாது. வெட்டிய வெள்ளைச் சிப்பாயோ எச் வரிசையில் இன்னொரு சிப்பாயின் பின்னால் மாட்டிக்கொண்டு யாருக்கும் உதவாமல் நிற்கிறது.

இங்கே உரையை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வெட்டாமல் விட்டால்? தியாகம் உண்மையானதா என்பதற்கு நடுவர்கள் வைக்கும் சோதனையே இதுதான். எதிராளி ஏமாந்து எடுத்ததால் மட்டும் பலித்த தியாகங்களுக்குப் பரிசு கொடுத்து விழாவை முடித்துவிட்டால், மறுநாளே கிளப்பில் யாராவது ஒரு சிறுவன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவான். இங்கே ஓட்டை இல்லை. ஜி சிப்பாயை ஜி3க்குத் தள்ளிவிட்டால் கறுப்பு ராஜா அதே வேகத்தில் இ4 போய்ச் சேரும். பிஷப்பும் கையிலேயே இருக்கும். வெள்ளை ராஜா எஃப்2, பிறகு எஃப்3 என்று வந்து இ4ஐக் காக்கப் பார்த்தால், பிஷப் ஜி2 சிப்பாயைச் செக்குடன் வெட்டும். ராஜா அதைத் திருப்பி வெட்டியாக வேண்டும். வெட்டினால் இ4இன் மீதிருந்த பிடி விட்டுப்போகும்.

மீதி ஆட்டம் சில நகர்த்தல்களே. வெள்ளை பிஷப் எஃப்6 சிப்பாயை வெட்டியது. ஷிரோவ் டி சிப்பாயை டி4க்குத் தள்ளினார். இதை நான் எச்3க்கு அடுத்தபடியாக ரசிக்கிறேன். எஃப்6இலிருந்து ஏ1 வரை போகும் மூலைவிட்டத்தை அந்தச் சிப்பாய் நடுவில் மறித்துவிட்டது. அதை வெட்டினால் பிஷப்பையே ராஜா தின்றுவிடும். ஏ சிப்பாய் ஓடாமல் இருக்க பிஷப் இ7க்குப் போய் வேறு மூலைவிட்டத்திலிருந்து காவல் காக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஏ சிப்பாயைப் பார்த்தால் டி சிப்பாயை விட வேண்டும். கறுப்பு ராஜா டி3, சி4, பி3 என்று சுற்றி வந்தது. அடுத்து சி2 போய் டி சிப்பாயைக் கைப்பிடித்து நடத்தப்போகிறது என்று தெரிந்ததும், 53ஆவது நகர்த்தலில் தோபலோவ் விலகிக்கொண்டார்.

டச்சு எழுத்தாளர் டிம் கிராபே, ஆடப்பட்டவற்றிலேயே மிக வியப்பான நகர்த்தல்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தொகுத்தார். அதில் முதலிடத்தில் வைத்தது இதைத்தான். என் தேர்வும் அதுவே. இதற்குப் போட்டியாகப் பலர் சொல்வது 1912இல் பிரெஸ்லாவில் லெவிட்ஸ்கிக்கு எதிராக பிராங்க் மார்ஷல் ஆடிய நகர்த்தல். மூன்று வழிகளில் வெட்டக்கூடிய ஜி3 கட்டத்தில் அவர் ராணியைக் கொண்டுபோய் வைத்தார். பார்க்க அது இன்னும் பகட்டானது. ஆனால் மார்ஷல் ஏற்கெனவே காய்க் கணக்கில் முன்னால் இருந்தார். அந்த நகர்த்தல் இல்லாமலும் வென்றிருப்பார். லினாரெஸ் பலகையில் பிஷப்பை வேறு எந்தக் கட்டத்துக்கு நகர்த்திப் பார்த்தாலும் வெள்ளை ராஜா இ3க்கு வந்துவிடுகிறது, அல்லது கறுப்பு ராஜாவின் வழி அடைபடுகிறது. பெற்றோரையே மேடைக்கு அழைத்து ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.