தீ ஒத்திகை அறிவிப்பு

சிங்கப்பூரில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பின்வரும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"வரும் வியாழக்கிழமை காலை மணி 10.30க்குத் தீ ஒத்திகை நடைபெறும். எச்சரிக்கை மணி ஒலித்ததும் ஊழியர்கள் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள படிக்கட்டு வழியாக வெளியேற வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. முதல் மூன்று மாடிகளில் பணிபுரிவோர் கட்டடத்தின் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடத்திலும், மற்றவர்கள் சாலைக்கு எதிரே உள்ள திடலிலும் ஒன்றுகூட வேண்டும். மஞ்சள் மேலங்கி அணிந்த மாடிப் பொறுப்பாளர்கள் உங்களை வழிநடத்துவார்கள். அவர்கள் அனுமதிக்கும்வரை யாரும் கட்டடத்திற்குள் திரும்பக் கூடாது."

தீ சொல்லிவிட்டு வருவதில்லை. அப்படியிருக்க, ஒத்திகையின் நேரத்தை ஏன் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள்? திடீரென மணி ஒலித்தால் சிலர் பதறிப்போய்ப் படிகளில் விழக்கூடும். முதல் ஒத்திகையில் வழியைக் கற்றுக்கொள்வதே நோக்கம். ஆனால், இதில் ஒரு குறையும் உண்டு. நேரம் தெரிந்துவிட்டால், மணி 10.20க்கே காப்பி குடிக்கக் கிளம்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள்!

மின்தூக்கியைத் தவிர்க்கச் சொல்வதற்குச் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி தீப்பிடித்து எரிந்தது. அதில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எட்டுப் பேர் மின்தூக்கிகளில் சிக்கிக்கொண்டவர்கள். தீவிபத்தின்போது மின்சாரம் தடைபட்டால் மின்தூக்கி பாதி வழியில் நின்றுவிடும். அது செல்லும் குழாய் போன்ற பாதையில் புகையும் ஏறும்.

மாடிப் பொறுப்பாளர்களும் அதே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்தாம். ஒரு மாடிக்கு இருவர் இருந்தால், ஒருவர் முன்னே சென்று மற்றவர்களை அழைத்துச் செல்வார். இன்னொருவர் கடைசியாக வெளியேறுவார். அவர் கழிப்பறை, கூட்ட அறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கதவுகளைப் பூட்டாமல் சாத்திவிட்டு வருவார். சாத்திய கதவு புகை பரவுவதைத் தாமதப்படுத்தும். பூட்டிய கதவோ, தேடி வரும் தீயணைப்பாளர்களைத் தடுத்துவிடும்.

பலரும் படிகளில் இறங்கியதோடு ஒத்திகை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில், கடினமான வேலை ஒன்றுகூடும் இடத்தில்தான் தொடங்குகிறது.

மூன்றாம் மாடியின் பெயர்ப்பட்டியலில் 42 பேர் இருக்கிறார்கள். அன்று இருவர் விடுப்பில் இருக்கிறார்கள். ஒருவர் வெளியிடத்தில் நடக்கும் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறார். ஆகவே, கார் நிறுத்துமிடத்தில் 39 பேர் நிற்க வேண்டும். பொறுப்பாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். 38 பேர்தான் பதில் சொல்கிறார்கள். உடனே அவர், "ஒருவரைக் காணவில்லை. கடைசியாகக் கோப்பு அறைக்குச் சென்றதைப் பார்த்திருக்கிறார்கள்" என்று ஒத்திகையின் தலைமைப் பொறுப்பாளரிடம் தெரிவிக்கிறார். காணாதவரின் பெயரும் கடைசியாக இருந்த இடமும் தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பது தீயணைப்பாளர்களுக்குப் புரியும்.

காணாமற்போனவர் எங்கே? கோப்பு அறைக்கு அருகில் இருந்த முன்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி, ஐந்தாம் மாடி நண்பர்களுடன் திடலில் பேசிக்கொண்டிருக்கிறார். உண்மையான தீயாக இருந்திருந்தால், பாதுகாப்பாக நிற்கும் ஒருவரைத் தேடித் தீயணைப்பாளர்கள் புகைக்குள் நுழைந்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஐந்தாம் மாடியினரிடம் நடந்தது. அங்கே 36 பேர் இருக்க வேண்டும். பொறுப்பாளர் பெயர்களை வாசிக்காமல் தலைகளை மட்டும் எண்ணினார். 36 வந்தது, "அனைவரும் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார். ஆனால், அந்த மாடியைச் சேர்ந்த பெண் ஒருவர் அங்கில்லை. அவருடைய இடத்தை மூன்றாம் மாடிக்காரர் நிரப்பியதால் எண்ணிக்கை சரியாகத் தோன்றியது. அவர் காப்பிக்கடையில் இருந்ததால் ஆபத்தில்லை. அவர் கழிப்பறையில் மயங்கி விழுந்திருந்தால், அவரைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த ஒத்திகைக்கான அறிவிப்பில் இரண்டு வரிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. "எந்தப் படிக்கட்டு வழியாக இறங்கினாலும், உங்கள் மாடிக்குரிய இடத்திற்கே சென்று, உங்கள் பெயர் வாசிக்கப்படும்வரை காத்திருக்கவும். மணி ஒலிக்கும்போது கட்டடத்திற்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் மாடிப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் உடனே அழைக்கவும்." ஒத்திகை நாளைக் குறிப்பிட்டிருந்தார்கள், நேரத்தை மட்டும் இம்முறை எழுதவில்லை.