சான்று எண் வருவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

மதுரைச் செவிலியர் ஒருவருக்கு பிரிட்டன் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் கடிதம் வந்தாயிற்று. அடுத்து வர வேண்டியது ஸ்பான்சர்ஷிப் சான்று. பெயர்தான் சான்று, கையில் வாங்கும் காகிதமல்ல. மருத்துவமனை பிரிட்டன் உள்துறையின் இணையத்தளத்தில் அவரைப் பற்றிச் செய்யும் பதிவு அது. அதற்கு ஓர் எண் உண்டு. எண் ஒதுக்கிய மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

எண் வந்த பிறகு பிழை தேடுவதைவிட, வருமுன் எழுதிவிடுவது நல்லது. நம்மில் பலர் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடித்துவிடுகிறோம். எதைச் செய்ய வேண்டும் என்று படிப்பவருக்கு அதில் தெரியாது. கேட்பதைப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை.

முதலில் கேட்க வேண்டியது பெயரைப் பற்றி. தமிழர் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். நேர்காணலில் இனிஷியலோடு சொன்ன பெயரை மருத்துவமனை அப்படியே பதிவு செய்துவிட்டால், பாஸ்போர்ட்டும் சான்றும் ஒத்துப்போகாது.

அடுத்தது பணம். விண்ணப்பிப்பவர் கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் கணக்கு திரும்பத் தொடங்கும். ஆனால் 'ஏ' தர ஸ்பான்சராக உள்ள நிறுவனம், முதல் மாதச் செலவை ஏற்பதாகச் சான்றிலேயே குறித்துவிட்டால் இந்தப் பணத்தைக் காட்டவே வேண்டாம். இப்படி ஒரு வசதி இருப்பது தெரியாமல் கடன் வாங்கிக் கணக்கில் போடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதப்போகும் மின்னஞ்சலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"நேர்காணல் முடிந்த வாரமே ஆஃபர் கடிதம் அனுப்பியதற்கு நன்றி. சான்று ஒதுக்குமுன் இரண்டு விவரங்களைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை. முதல் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன், பெயர் அதில் உள்ளபடியே இருக்கட்டும். முதல் மாதச் செலவைச் சான்றில் உறுதிசெய்ய உங்கள் நிறுவனத்தால் முடியுமா? முடியாதென்றால் நானே பணத்தை ஏற்பாடு செய்துகொள்கிறேன். 28 நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால் இந்த வாரத்துக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். காசநோய்ப் பரிசோதனைச் சான்று வாங்கிவிட்டேன். காவல்துறைச் சான்று இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்."

"முடியாதென்றால்" என்ற அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். செலவை ஏற்பது நிறுவனத்தின் கடமையல்ல, அதன் விருப்பம். மறுக்க வழிவிட்டுக் கேட்டால் அவர்களும் சங்கடமின்றிப் பதில் சொல்வார்கள். ஏன் இந்த வாரம் என்று காரணம் சொன்னதால் அவசரம் நச்சரிப்பாகவும் தோன்றாது.

எண் வந்ததும் சான்றின் விவரங்களைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு பிழை இருந்தால் விண்ணப்பிக்குமுன் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையே அந்தப் பதிவில் திருத்தக் குறிப்பு சேர்த்துவிடும்.