உங்களுக்குத் தெரியுமா? முட்டை ஊரில் தசை காக்கும் கணக்கு

தராசில் எடை குறைவது எல்லாமே கொழுப்பு அல்ல. சோற்றைத் திடீரெனக் குறைத்தால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கலாம். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து செலவானால் தண்ணீரும் வெளியேறும். அதனால் முதல் வாரக் கணக்கை நம்பாதீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பாருங்கள்.

*

நார்வேயில் விளையாட்டு வீரர்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தார்கள், மற்றவர்கள் அதைப்போல் இரு மடங்கு. இரு பிரிவினருமே பளு தூக்கினார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு கரைந்ததோடு தசையும் சற்றுக் கூடியது. வேகமாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடவே இல்லை. 75 கிலோ எடையுள்ளவருக்கு 0.7 சதவீதம் என்பது வாரம் அரை கிலோ. அதற்கு அன்றாடச் சாப்பாட்டில் 500 முதல் 600 கலோரி குறைந்தால் போதும். சேலத்துச் சாயங்காலத்தில் வழக்கமாகத் தின்னும் தட்டுவடை செட்டையும் சர்க்கரை போட்ட இரண்டு டீயையும் விட்டாலே இதில் பெரும்பகுதி வந்துவிடும். மூன்று வேளைச் சாப்பாட்டில் கைவைக்கத் தேவையில்லை.

*

சேலம் மாவட்டம் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போனது, நாமக்கல் முட்டைக்கு. சத்துக் கணக்கில் இவை இரண்டும் எதிரெதிர். 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கும், புரதமோ ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 70 சொச்சம் கலோரிக்கே 6 கிராம் புரதம் கிடைக்கிறது. கலோரியைக் குறைக்கும் நாட்களில் வயிற்றில் இருக்கும் இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. உப்புமாவோ கஞ்சியோ, ஜவ்வரிசி ‘லேசான’ உணவு என்று நினைத்து அதிலேயே நாளை ஓட்டுபவர்கள்தான் தசையை அதிகம் இழக்கிறார்கள்.

*

பச்சை முட்டையை உடைத்துக் குடித்தால் பலம் என்று ஜிம்முக்குப் போகும் பையன்கள் இன்றும் நம்புகிறார்கள். பெல்ஜியத்தில் அளந்து பார்த்தபோது, வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீத அளவுக்கு உடலில் சேர்ந்தது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்ந்தது. கிருமி பயம் வேறு. அவித்தே சாப்பிடுங்கள்.

*

சாதாரண நாளில் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பளு தூக்கிக்கொண்டே கொழுப்பைக் குறைப்பவருக்கு 1.6 கிராம் நல்ல இலக்கு. 75 கிலோக்காரருக்கு 120 கிராம் வருகிறது. கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முட்டை நான்கில் 25, தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 34, பாலும் தயிருமாக அரை லிட்டரில் 17, துவரம்பருப்பு 50 கிராமில் 11, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, நிலக்கடலை ஒரு கைப்பிடியில் 7, அரிசியிலும் காய்கறியிலும் சேர்ந்து 15. மொத்தம் 119. பவுடர் டப்பா எதுவும் வாங்கவில்லை. கறி தின்னாத நாளில் பனீரோ சோயாவோ அந்த இடத்தை நிரப்பும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவைத் தொடக்கூடாது.

*

எடை குறைக்கும்போது பளுவையும் குறைத்து, ‘செதுக்க’ வேண்டுமென்று இருபது முப்பது முறை தூக்குவது பலருடைய பழக்கம். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். தசையைக் கட்டிய அதே பளுதான் அதைக் காக்கவும் செய்யும். 60 கிலோ வைத்து ஸ்குவாட்டில் எட்டு முறை எழுந்தவர் அதே 60-ஐ விடாமல் பிடிக்க வேண்டும். சாப்பாடு குறைந்ததால் களைப்பு வந்தால் ஐந்து செட்டை மூன்றாக்கலாம், பளுவில் கைவைக்கக்கூடாது. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும்.

*

கரைவது கொழுப்பா தசையா என்று அறிய இயந்திரம் தேவையில்லை. ஒரு தையல் டேப்பும் நோட்டும் போதும். வாரத்தில் ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள், பக்கத்தில் அந்த வாரத் தூக்கல்களையும் எழுதுங்கள். இடுப்பு இறங்குகிறது, 60 கிலோவும் எட்டு முறையும் அப்படியே நிற்கின்றன என்றால் போவது கொழுப்பு. இடுப்பு அசையாமல் எடை மட்டும் இறங்கி, எட்டு முறை ஐந்தாகிவிட்டால் போவது தசை. அடுத்தடுத்து இரண்டு வாரம் அப்படியே இருந்தால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள், பிறகு புரதத்தை எண்ணுங்கள், அதுவும் சரியாக இருந்தால் தினமும் 150 கலோரி திரும்பச் சேருங்கள்.